கல்யாணத்துக்கு முன் மீதிப் பணம்: கேட்கும் செய்தியை எப்படி எழுதுவது?

கேள்வி: கும்பகோணம் பக்கம் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் 29 சனிக்கிழமை மாலை வரவேற்பு, 30 ஞாயிறு காலை முகூர்த்தம். பெண் வீட்டு ஆர்டர்; பெண்ணின் அப்பாதான் பேசி முடித்தார். மொத்தம் 1,80,000. பிறகு ட்ரோனும் வேண்டும் என்று போனில் சொன்னார், அதற்கு 10,000. மார்ச்சில் முன்பணம் 40,000, ஜூலையில் அவுட்டோர் ஷூட் அன்று 30,000 வந்தது. ஆல்பம் கொடுக்கும்போது 30,000 என்று பேச்சு. கொட்டேஷனில் 'பங்ஷனுக்கு முன் பேலன்ஸ்' என்று மட்டும் போட்டிருக்கிறேன். கீழே இருப்பதுதான் நான் எல்லோருக்கும் அனுப்புவது. போன கல்யாணத்தில் இதைப் பார்த்து அந்த வீட்டில் கோபப்பட்டார்கள். பணமும் கல்யாணம் முடிந்துதான் வந்தது. உறவும் கெடாமல், கடைசித் தேதியும் தெளிவாக இருக்கும்படி மாற்றித் தர முடியுமா?

*"வணக்கம் சார். தங்கள் இல்லத் திருமண பேலன்ஸ் தொகை ரூ.1,20,000 இன்னும் வரவில்லை. உடனடியாகச் செலுத்தவும். கடைசி நாள் 22. பணம் வராத பட்சத்தில் எங்கள் டீம் வர இயலாது. தவறாக நினைக்க வேண்டாம். உங்களால் எப்போது முடியுமோ அப்போது கொடுங்கள். நன்றி."*

— ஸ்டுடியோ உரிமையாளர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: ஸ்டுடியோக்களுக்கு புக்கிங்கும் வசூல் கணக்கும் பார்த்துக் கொடுப்பது என் வேலை என்பதால், உங்களுடையதைப் போன்ற செய்திகள் அடிக்கடி என் கைக்கு வரும். மாற்றி எழுதியதை முதலில் தந்துவிடுகிறேன். காரணங்களைப் பிறகு பார்க்கலாம். ஆகஸ்ட் 17 திங்கட்கிழமை, காலை 10 மணிக்கு மேல் பெண்ணின் அப்பாவுக்கு இதை அனுப்புங்கள்.

> வணக்கம் சார். 29 வரவேற்பு, 30 முகூர்த்தம் ரெண்டுக்கும் எங்க டீம் தேதி ஒதுக்கி வச்சிருக்கோம். 29 மதியம் 3 மணிக்கு மண்டபத்துல இருப்போம்.
>
> இதுவரைக்கும் கணக்கு:
> முதல்ல பேசினது 1,80,000
> பிறகு சேர்த்த ட்ரோன் 10,000
> மொத்தம் 1,90,000
> நீங்க தந்தது: மார்ச் 40,000 (ரொக்கம்), ஜூலை 30,000 (ஜிபே)
> ஆல்பம் தரும்போது வாங்கிக்கிறது 30,000
> கல்யாணத்துக்கு முன்னாடி தர வேண்டியது 90,000
>
> இந்த 90,000-ஐ வர்ற 24 திங்கட்கிழமை சாயங்காலம் 6 மணிக்குள்ள அனுப்பிடுங்க சார். ட்ரோனுக்கும் எல்இடி திரைக்கும் 26 புதன் காலைல நான் பணம் கட்டணும், அதுக்காகத்தான் இந்தத் தேதி.
>
> ஜூலைல அனுப்பின அதே ஜிபே நம்பர்தான். கணக்குல ஏதாவது வித்தியாசம் தெரிஞ்சா சொல்லுங்க, பாத்துடலாம்.

மார்ச்சில் வந்த முன்பணத்தை ரொக்கம் என்றும், ஜூலையில் வந்ததை ஜிபே என்றும் நானாகப் போட்டிருக்கிறேன். எப்படி வந்ததோ அப்படி மாற்றிக்கொள்ளுங்கள். எல்இடி திரை உங்கள் பேக்கேஜில் இல்லையென்றால் அந்த இடத்தில் நீங்கள் உண்மையில் யாருக்குப் பணம் கட்ட வேண்டுமோ அவரைப் போடுங்கள். இல்லாத காரணத்தை எழுத வேண்டாம். அதே மண்டபத்தில் அதே ட்ரோன்காரர் பெண்ணின் அப்பாவிடமே பேசக்கூடும்.

உங்கள் பழைய செய்தியில் கோபம் வரவழைத்தது 'செலுத்தவும்' என்ற தொனி மட்டும் இல்லை. தொகையே தவறாக இருக்கிறது. நீங்கள் 1,20,000 கேட்கிறீர்கள். அதில் 30,000 ஆல்பம் கொடுக்கும்போது என்று பேசியது உங்களுக்கும் அவருக்கும் தெரியும். அவர் பக்கத்திலிருந்து பாருங்கள். மொத்தம் 1,80,000 என்று மனதில் வைத்திருக்கிறார். 70,000 கொடுத்தாயிற்று. ஆல்பத்துக்கு 30,000 போனால் பாக்கி 80,000 என்று கணக்குப் போட்டிருப்பார். ட்ரோனுக்குச் சொன்ன 10,000, பத்திரிகை வைக்கிற அலைச்சலில் மறந்திருக்கும். அவர் 80,000 நினைத்துக்கொண்டிருக்கும்போது போனில் 1,20,000 என்று வந்தால், பணம் இல்லையே என்ற கவலைக்கு முன்னால் 'இந்தப் பையன் கூட்டிக் கேட்கிறானே' என்ற சந்தேகம்தான் வரும். அந்தச் சந்தேகத்தோடு யாரும் ஜிபேவைத் திறக்க மாட்டார்கள். மச்சானிடம் காட்டுவார்கள், மகனிடம் கேட்பார்கள், அதிலேயே நான்கு நாள் போய்விடும்.

அதனால்தான் கணக்கை வரி வரியாகப் போட்டேன். ட்ரோனைத் தனி வரியில் வைத்தேன். அவர் கொடுத்ததை எந்த மாதம், எந்த வழியில் என்று எழுதினேன். கல்யாண வீட்டில் பணம் பல கை வழியாகப் போகும். முன்பணத்தை மகன் கையில் கொடுத்தனுப்பியிருப்பார். இரண்டாவது தவணையை மாப்பிள்ளையே போட்டுவிட்டு அவரிடம் சொல்லாமலும் இருந்திருக்கலாம். வந்ததை நீங்களே முதலில் ஒப்புக்கொண்டு எழுதினால், கேட்பதை அவரும் நம்புவார். கடைசியில் 'வித்தியாசம் தெரிஞ்சா சொல்லுங்க' என்று போட்டதும் இதற்காகவே. ட்ரோன் விஷயம் நினைவில்லை என்றால் அதைக் கேட்க அவருக்கு ஒரு மரியாதையான வழி வேண்டும். அது இல்லாதபோதுதான் மனிதர்கள் பதிலே போடாமல் இருந்துவிடுகிறார்கள்.

ஜிஎஸ்டி பதிவு உங்களுக்கு இருந்தால் ஒரு எச்சரிக்கை. போட்டோ, வீடியோ சேவைக்கு வரி 18 சதவீதம். அது கொட்டேஷனிலேயே தொகைக்குள் அடக்கமா, தனியா என்று சொல்லப்பட்டிருக்க வேண்டும். அங்கே சொல்லாத வரியை இந்தச் செய்தியில் முதல் தடவையாகச் சேர்த்தால் எவ்வளவு இனிமையாக எழுதினாலும் சண்டைதான்.

அடுத்தது தேதி. உங்கள் செய்தியில் மூன்று தேதிகள் இருக்கின்றன. 'உடனடியாக' ஒன்று, '22' ஒன்று, 'எப்போது முடியுமோ அப்போது' இன்னொன்று. படிப்பவர் தனக்குச் சௌகரியமானதை எடுத்துக்கொள்வார். அது எப்போதும் மூன்றாவதுதான். போன கல்யாணத்தில் பணம் பிந்தி வந்ததற்கு அந்த வீட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை; முடிந்தபோது கொடுங்கள் என்றீர்கள், முடிந்தபோது கொடுத்தார்கள். மேலே கடுமையாக எழுதிவிட்டோமே என்ற உறுத்தலில்தான் அந்தக் கடைசி வரியைச் சேர்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். மேலே கடுமை இல்லையென்றால் கீழே அதைக் கழுவ வேண்டிய அவசியமே வராது.

22-ஐ நான் எடுத்துவிட்டதற்குக் காரணம் இருக்கிறது. அது மாதத்தின் நான்காவது சனிக்கிழமை, வங்கி விடுமுறை. உங்களுக்கு ஜிபேயில் வரலாம் என்றாலும், அவர் வங்கியில் எடுத்துத்தான் யாருக்கும் கொடுப்பவர் என்றால் அந்த நாள் வீண். வெள்ளிக்கிழமை 21-ம் வேண்டாம். செவ்வாய், வெள்ளியில் வீட்டிலிருந்து பணம் வெளியே போகக்கூடாது என்று பார்க்கிற குடும்பங்கள் நம் பக்கத்தில் நிறைய. அந்த நாளைக் கடைசித் தேதியாக வைத்தால், கொடுக்க நினைப்பவர்கூட தள்ளித்தான் போடுவார். திங்கட்கிழமை 24 வைத்தால், முந்தைய வாரத்தில் புதன், வியாழன் என்று நல்ல நாட்கள் கிடைக்கின்றன. கடைசி நாளும் பணம் கொடுக்கத் தோதான நாளாக இருக்கிறது. காலை 10 மணிக்கு மேல் அனுப்பச் சொன்னதும் இதே கணக்கில்தான். திங்கட்கிழமை ராகு காலம் காலை 7.30 முதல் 9 வரை. உங்களுக்கு நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, கல்யாணக் காசு பேசும்போது அந்த வீட்டுப் பெரியவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

தேதியோடு கிழமையையும் மணியையும் எழுதுங்கள். '24-க்குள்' என்றால் 24 சேருமா, 23-ஓடு முடிந்ததா என்று சிலருக்குக் குழப்பம் வரும். '24 திங்கட்கிழமை சாயங்காலம் 6 மணிக்குள்ள' என்றால் வராது. கல்யாண வீட்டில் எல்லோரும் கிழமையை வைத்துத்தான் யோசிப்பார்கள்: புதன் தாய்மாமன் வீட்டுக்குப் பத்திரிகை, வியாழன் ஜவுளி. அந்த வரிசையில் உங்கள் திங்களும் போய் உட்கார வேண்டும்.

வரவேற்புக்கு ஐந்து நாள் முன்னால் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 27-க்கு மேல் அவர் போன் அவர் கையில் இருக்காது. பந்தக்கால், நலங்கு, வெளியூர் சொந்தம் என்று வீடு நிரம்பிவிடும். 30 காலை மண்டபத்தில் கேட்கலாம் என்று விட்டால், சமையல்காரர், மேளக்காரர், பந்தல்காரர், மண்டப மேனேஜர் எல்லோரும் அதே பணப்பையைச் சுற்றி நிற்பார்கள். பெண்ணைக் கொடுத்துவிட்டு நிற்கிற தகப்பனிடம் அந்த நேரத்தில் 90,000 கேட்பது உங்களுக்கும் அவமானம், அவருக்கும் வலி.

உங்கள் செய்தியில் என்னை மிகவும் உறுத்தியது 'எங்கள் டீம் வர இயலாது'. கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது அந்த வீட்டுப் பெண் தன் அப்பாவின் போனில் இதைப் படித்தால் எப்படி இருக்கும்? நல்ல காரியம் நடக்கிற வீட்டில் வராது, நடக்காது, ரத்து போன்ற சொற்களை வாயால்கூடச் சொல்ல மாட்டார்கள். அதைவிட முக்கியம், அது நீங்கள் செய்யப்போகிற காரியம் இல்லை. பணம் பாக்கி என்று ஒரு முகூர்த்தத்துக்குப் போகாமல் இருந்துவிட்டு, அதற்குப் பிறகு கும்பகோணத்தில் நீங்கள் ஸ்டுடியோ நடத்த முடியாது. இது அவருக்கும் தெரியும். செய்ய மாட்டோம் என்று இருவருக்கும் தெரிந்த ஒன்றை எழுதினால் கோபம் மட்டும் மிஞ்சும், தேதிக்கு மதிப்பு போய்விடும்.

உங்கள் கொட்டேஷனில் தேதியும் இல்லை. 'பங்ஷனுக்கு முன்' என்றால் 29 மதியம் கொடுத்தாலும் அவர் சொன்ன சொல் தவறவில்லை. எனவே 'ஒப்பந்தப்படி', 'இன்னும் வரவில்லை', 'நிலுவை' என்று எழுத உங்களுக்கு இடமே இல்லை. இந்த ஆர்டரைப் பொறுத்தவரை 24 என்பது நீங்கள் இப்போது கேட்கிற தேதி. கேட்பதற்கு ஒரு காரணம் வேண்டும். ட்ரோனுக்கும் எல்இடி திரைக்கும் புதன்கிழமை நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்பது உண்மையான காரணம், அவருக்குப் புரிகிற காரணமும்கூட. அவரும் அந்த வாரம் பத்துப் பேருக்குக் கட்டிக்கொண்டிருப்பார். காரணத்தை ஒரே வரியில் நிறுத்துங்கள். கேமரா தவணை, கடை வாடகை, போன கல்யாணத்துப் பாக்கி எல்லாம் சேர்த்தால் கெஞ்சுவதுபோல் ஆகிவிடும்.

யாருக்கு அனுப்புகிறீர்கள் என்பதும் சொல்லாமல் விட முடியாது. அவுட்டோர் ஷூட்டுக்காக ஒரு வாட்ஸ்அப் குரூப் ஆரம்பித்திருப்பீர்கள்; அதில் பெண், மாப்பிள்ளை, ஒருவேளை சம்பந்தி வீட்டுத் தம்பியும் இருப்பார். பணம் பற்றி அங்கே ஒரு வரிகூடப் போகக்கூடாது. பேசி முடித்தவர் அப்பா என்றால் அப்பாவுக்கு மட்டும். செய்தி வந்ததும் போன் திரையில் முதல் ஒன்றிரண்டு வரி தெரியும். அந்த நேரம் போன் யார் கையில் இருக்குமோ தெரியாது. அதனால்தான் முதல் வரியில் பணம் இல்லை. நீங்கள் வருகிற நேரம் இருக்கிறது. அது வெறும் இனிப்புக்காகவும் இல்லை, அவருக்கு உண்மையில் தெரிய வேண்டிய தகவல் அது. ஆனால் அதற்கு மேல் நிகழ்ச்சி விவரங்களை இதிலேயே கொட்டாதீர்கள். குடும்பப் படத்துக்கு யார் யார், மேடையில் லைட் எங்கே என்று கேட்டால் அதற்குப் பதில் சொல்லிவிட்டுப் பணத்தை மறந்துவிடுவார். அவற்றை வேறொரு நாள் போனில் பேசிக்கொள்ளலாம்.

இனி, 17-ம் தேதி அனுப்பியாயிற்று, நீல டிக் வந்தது, பதில் இல்லை என்று வைத்துக்கொள்வோம். இது சாதாரணம். 22 சனிக்கிழமை வரை தொடாதீர்கள். அன்று காலை இது போதும்:

> வணக்கம் சார். 24 திங்கட்கிழமை சாயங்காலம் 6 மணிக்குள்ள 90,000. ஞாபகத்துக்காகப் போட்டேன். வேலையா இருப்பீங்க, ஒரு 'சரி' மட்டும் போட்டா போதும்.

கணக்கைத் திரும்ப எழுத வேண்டாம், காரணமும் வேண்டாம். தேதியும் தொகையும் முன்பு எழுதிய மாதிரியே, ஒரு எழுத்து மாறாமல் இருக்கட்டும். இரண்டாவது செய்தியில் '25 காலைக்குள்ளாவது' என்று நீங்களே தளர்த்தினால் முதல் தேதி செத்துவிடும்.

இந்த இடத்தில் பெரும்பாலும் வருகிற பதில் உங்களுக்குப் பழக்கமானதாகத்தான் இருக்கும்: "தம்பி, மொய் வந்ததும் மொத்தமா செட்டில் பண்ணிடறேன்." இது ஏமாற்று இல்லை. பல வீடுகளில் கல்யாணச் செலவின் கடைசிப் பகுதி மொய்யை நம்பித்தான் இருக்கிறது. ஆனால் மொய் நோட்டு எழுதி முடிந்து, எண்ணி, வட்டிக்கு வாங்கியவருக்குப் போய், பிறகு மிச்சம் இருந்தால்தான் உங்களுக்கு. மறுக்காதீர்கள், அப்படியே ஒத்துக்கொள்ளவும் செய்யாதீர்கள். பேசுவதற்கு முன் ஒரு தாளில் உங்கள் கைக்காசு எவ்வளவு போகும் என்று எழுதுங்கள்: ட்ரோன், எல்இடி திரை, வெளியிலிருந்து வருகிற கேண்டிட் ஆட்கள், வண்டி. அது 40,000 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குக் கீழே இறங்கினால் அவர் வீட்டுக் கல்யாணத்தை உங்கள் கடன் பணத்தில் எடுக்கிறீர்கள் என்று அர்த்தம். அதற்கு மேல் உள்ளதை விட்டுக்கொடுக்கலாம்.

> புரியுது சார், அப்படியே பண்ணிக்கலாம். வெளியாட்களுக்கு நான் கட்ட வேண்டியது மட்டும் 40,000 வருது. அதை திங்கட்கிழமை 24 சாயங்காலம் 6 மணிக்குள்ள அனுப்பிடுங்க. மீதி 50,000-ஐ 30 ஞாயிறு மதியம் சாப்பாட்டுக்கு அப்புறம் வாங்கிக்கிறேன். அன்னிக்கு உங்கள தொந்தரவு பண்ண வேணாம், யார்கிட்ட வாங்கிக்கணும்னு பேர் மட்டும் சொல்லிடுங்க சார்.

தொகை குறைந்தது, தேதி அசையவில்லை. கடைசி வரியில் பெயர் கேட்பது முக்கியம். மண்டபத்தில் பணப்பை வைத்திருப்பவர் மைத்துனரோ பெரியப்பா மகனோ ஒருவர் இருப்பார். உங்களுக்கு 50,000 கொடுக்க வேண்டும் என்று அவருக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தால்தான் அவர் எடுத்துக் கொடுப்பார்.

திங்கள் மாலை 6 மணி தாண்டியும் ஒன்றும் வரவில்லை என்றால் எழுதுவதை நிறுத்துங்கள். ஏழரை மணி போல் கூப்பிடுங்கள். மறுநாள் செவ்வாய், அவர் அதைச் சொல்லித் தயங்குவார். நீங்களே முந்திக்கொண்டு, "நாளைக்குச் செவ்வாய், வேணாம் சார். புதன் காலை 10 மணிக்குள்ள போட்டுடுங்க, 11 மணிக்கு நான் ட்ரோன்காரருக்குச் சொல்லணும்" என்று சொல்லுங்கள். அவருடைய வழக்கத்தை நீங்கள் மதித்தீர்கள் என்பது அவர் மனதில் நிற்கும். போனை வைத்ததும் பேசியதை எழுத்தில் போட்டுவிடுங்கள். பணம் வராவிட்டால் என்ன ஆகும் என்பதை முதல் முறையாகச் சொல்ல வேண்டிய இடம் இதுதான்.

> சார், இப்ப பேசினபடி 26 புதன் காலை 10 மணிக்குள்ள 90,000. அதுக்குள்ள வந்துட்டா எல்லாம் பேசினபடி. தாமதமானா ட்ரோனை மட்டும் விட்டுட்டு, அதோட 10,000-ஐ கணக்குல கழிச்சிடறேன். ரெண்டு நாள் போட்டோ, வீடியோ எல்லாம் எந்தக் குறையும் இல்லாம நடக்கும் சார்.

இது நீங்கள் செய்யக்கூடிய, செய்தாலும் கல்யாணம் கெடாத ஒன்று. தாலி கட்டுகிற நேரத்துப் படத்தைப் பணத்துக்குப் பணயம் வைக்கவில்லை. ட்ரோன் தொகையைக் கழிக்கிறீர்கள் என்பதால் அவருக்கு அநியாயமும் இல்லை. எழுதிவிட்டால் அப்படியே நடந்துகொள்ளுங்கள். புதன் 11 மணி வரை பணம் இல்லையென்றால் ட்ரோன் வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவருக்கும் ஒரு வரி தெரிவித்துவிடுங்கள். மாலையில் பணம் வந்து ட்ரோன்காரரும் கிடைத்தால் சேர்த்துக்கொள்வது உங்கள் விருப்பம்.

பணம் அனுப்ப நினைத்தும் அனுப்ப முடியாமல் போகிற சங்கடமும் உண்டு. யுபிஐயில் தனிநபர் ஒருவர் இன்னொருவருக்கு ஒரு நாளில் அனுப்பக்கூடியது பொதுவாக 1 லட்சம் வரைதான். உங்கள் 90,000 அதற்குள் வந்தாலும், அன்று காலையிலேயே சமையல்காரருக்கு 50,000 போட்டிருந்தால் உங்களுடையது திரும்பிவிடும். அப்படி ஆனால் இரண்டு நாளாகப் பிரித்துப் போடச் சொல்லுங்கள். வங்கிக் கணக்கு எண்ணையும் கேட்டால் உடனே கொடுக்கத் தயாராக வைத்திருங்கள், ஆனால் கடைசி நாள் மாலையில் கொடுக்காதீர்கள். புதிதாகச் சேர்க்கிற கணக்குக்குப் பல வங்கிகளில் முதல் நாள் சிறிய தொகைதான் போகும். அவர் ஏற்கெனவே பணம் போட்ட பழைய எண்ணையே சொல்வது எல்லா வகையிலும் நல்லது. கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் ஏபிகே கோப்பு அனுப்பிக் கணக்கைத் துடைக்கிற கூட்டம் இருக்கும்போது, லிங்கோ கோப்போ புதிய நம்பரோ அனுப்பினால் விவரமானவர்கள் தொடவே மாட்டார்கள்.

ரொக்கமாகத் தருகிறேன் என்றால் வாங்கிக்கொள்ளலாம், அன்றே வாட்ஸ்அப்பில் தொகையை எழுதி உறுதிப்படுத்துங்கள். ஆனால் ஒரே நிகழ்ச்சிக்காக ஒருவரிடமிருந்து 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்க வருமானவரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. தவணையாகப் பிரித்து வாங்கினாலும் எல்லாம் சேர்த்துத்தான் கணக்கு, அபராதமும் வாங்கியவருக்குத்தான். இந்த ஆர்டர் மொத்தமே 1,90,000 என்பதால் உங்களுக்குச் சிக்கல் இல்லை. பெரிய ஆர்டர்களில் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் வந்த நிமிடத்தில் அனுப்ப வேண்டிய செய்தியைப் பலர் அனுப்புவதே இல்லை. கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். அந்த இடத்தில் இப்படிப் போடுங்கள்:

> 90,000 வந்துடுச்சு சார், ரொம்ப நன்றி. இனிமே ஆல்பம் தரும்போது 30,000 மட்டும்தான். 29 மதியம் 3 மணிக்கு மண்டபத்துல பாக்கலாம்.

ஆல்பம் நேரத்துச் சண்டையில் பாதி இந்த ஒரு வரியில் தீர்ந்துவிடும். அதற்குள் கல்யாணம் முடிந்து மூன்று மாதம் ஆகியிருக்கும், எவ்வளவு பாக்கி என்று அவருக்கு நினைவிருக்காது. உங்கள் செய்தி அவர் போனில் இருக்கும்.

இந்தக் கல்யாணம் வரை மேலே உள்ளது போதும். ஆனால் அடுத்த ஆர்டர் எடுக்கும்போதே கொட்டேஷனில் 'பங்ஷனுக்கு முன் பேலன்ஸ்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். தேதியை அப்போதே நாள்காட்டி பார்த்து, செவ்வாய், வெள்ளி, வங்கி விடுமுறை இல்லாமல் குறித்து, முன்பணம் வாங்குகிற அன்று அவரிடம் வாய்விட்டுப் படித்தும் காட்டுங்கள். அப்போது கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை. கல்யாணம் நான்கைந்து மாதம் தள்ளி இருக்கும், எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். இப்படி எழுதலாம்:

> முன்பணம் 40,000 இன்று. அவுட்டோர் ஷூட் அன்று 30,000. கல்யாணத்துக்கு முந்தைய திங்கட்கிழமை (ஆகஸ்ட் 24) மாலை 6 மணிக்குள் 80,000. ஆல்பம் தரும் அன்று 30,000. பிறகு சேர்க்கும் ட்ரோன், கூடுதல் ஆல்பம் பக்கம் போன்றவற்றின் தொகை திங்கட்கிழமைத் தவணையோடு சேரும். சேர்த்த அன்றே வாட்ஸ்அப்பில் எழுதி உறுதி செய்யப்படும்.